இரண்டாவது ரத்தம் எங்கே?

மருத்துவ மாணவி ஒருவர் பேராசிரியருக்கு எழுதும் இ-மெயில் எப்போது பதில் பெறும்? அந்தமான் காய்ச்சல் ஒன்றிலிருந்து ஒரு சிறிய ஆய்வு பிறக்கும் விதம்.

"மதிப்பிற்குரிய மேடம், எனக்கு ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு. தங்கள் மேற்பார்வையில் எந்த ஆய்வில் வேண்டுமானாலும் பணியாற்றத் தயாராக இருக்கிறேன். வாய்ப்பு அளிக்கும்படிப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஆண்டுதோறும் இப்படி இ-மெயில்கள் வருகின்றன. பெரும்பாலும் பதில் போவதில்லை. மாணவர்கள் இதைக் கர்வம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான காரணம் சாதாரணமானது: அந்த மூன்று வரிகளில் பதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. எந்த ஆய்வில் வேண்டுமானாலும் என்றால் கேள்வியைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பேராசிரியர். அதற்கு வழிமுறை வகுத்து, தகவல் எங்கே கிடைக்கும் என்று தேடி, எத்தனை நாளில் முடியும் என்று கணக்குப் போட வேண்டியவரும் அவரே. மாணவி கேட்டது உதவி செய்யும் வாய்ப்பு. பேராசிரியருக்கு அது இன்னொரு வேலையாகத் தெரிகிறது. காலையில் பரிசோதனைக் கூடம், மதியம் வகுப்பு, மாலையில் தேர்வுத்தாள் என்று ஓடுபவர் அதைப் பிறகு பார்க்கலாம் என்று மூடிவைக்கிறார். அந்தப் 'பிறகு' வருவதில்லை.

பதில் வரக்கூடிய இ-மெயில் எப்படி இருக்கும்? இதைப் பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. ஓர் இடத்தையும் ஒரு நோயையும் வைத்துப் பார்ப்பதே நல்லது. இடம், தெற்கு அந்தமானில் உள்ள புரோத்ராபூர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் புறநகர். அங்கே வீடு எடுத்துத் தங்கி, 2015ல் தொடங்கப்பட்ட அந்தமான் நிகோபார் மருத்துவ அறிவியல் கழகத்தில் இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். மாணவி கற்பனைதான். அவரைச் சுற்றியுள்ள நோய் கற்பனை அல்ல.

புரோத்ராபூரிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள டாலிகஞ்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வட்டார மையம் 1983 முதல் இயங்கிவருகிறது. அந்த மையத்தின் பெயர் உலகம் முழுவதும் தெரியவந்ததற்கு முக்கியக் காரணம் எலிக்காய்ச்சல். மருத்துவப் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் திருகு வடிவக் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிர்வாழ்கிறது. வெறுங்காலுடன் வயலில் இறங்குபவரின் கால் வெடிப்பு அதற்குப் போதுமான வாசல். காய்ச்சல், உடல்வலி, குறிப்பாகக் கெண்டைக்கால் வலி, சிவந்த கண்கள் என்று தொடங்கும். பலருக்கு அதோடு போய்விடும். சிலருக்கு மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் பழுதாகும், நுரையீரலில் ரத்தம் கசியும்.

1980களின் கடைசியிலிருந்து மழைக்காலத்துக்குப் பின் இப்படி ரத்தம் கக்கிச் சிலர் இறந்துபோனார்கள். காரணம் தெரியாத நிலையில் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1993ல் வடக்கு அந்தமானில் டிக்லிபூர் பகுதியில் ஏற்பட்ட காய்ச்சலை எஸ்.சி. செகல் தலைமையில் டாலிகஞ்ச் மையத்தினர் ஆராய்ந்தார்கள். அது லெப்டோஸ்பைரோசிஸ்தான் என்று 1995ல் வெளியான அவர்களுடைய கட்டுரை காட்டியது. வேடிக்கை என்னவென்றால், அந்தமானில் இந்த நோய் இருப்பதை டெய்லர், கோயல் என்ற இரு மருத்துவர்கள் 1931லேயே எழுதிவைத்திருந்தார்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது பொதுவில் மறக்கப்பட்டுக் கிடந்தது.

நம் மாணவிக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கலாம். அதை இ-மெயிலில் எழுத வேண்டியதில்லை. பேராசிரியருக்கு அது பாடம். அவருக்குத் தெரியாதது, இந்த மாணவி எதைக் கவனித்தார் என்பதுதான்.

ஒரு நல்ல சிறிய கேள்வி பெரும்பாலும் எரிச்சலிலிருந்து பிறக்கிறது. நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில் மாணவி ஒரு பதிவேட்டைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல்காரர் ஒருவரின் ரத்தம் லெப்டோஸ்பைரா சோதனைக்கு வந்திருக்கிறது. முடிவுக்கு எதிரே, 'இரண்டாவது மாதிரி அனுப்பவும்' என்று எழுதியிருக்கிறது. அடுத்த பக்கங்களைப் புரட்டுகிறார். இரண்டாவது மாதிரி வந்ததாகவே தெரியவில்லை. அடுத்த நோயாளிக்கும் அப்படியே. ஏன்?

அந்த இரண்டாவது மாதிரி எதற்கு என்று தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். நோயின் முதல் வாரத்தில் கிருமி ரத்தத்தில் இருக்கிறது. அப்போது பி.சி.ஆர். சோதனையில் அதன் மரபுப்பொருளைக் கண்டுபிடிக்கலாம். முதல் வாரம் முடியும் தருவாயில் உடல் எதிர்ப்புப் பொருளை உருவாக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு எலிசா போன்ற சோதனைகளில் ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள் தெரியவரும். நோயாளி மூன்றாம் நாள் வந்து எலிசா மட்டும் செய்துகொண்டால் 'இல்லை' என்று வரும். நோய் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. ரத்தம் எடுத்த நாள் தவறு.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. உறுதிப்படுத்தும் சோதனைக்கு 'மாட்' என்று சுருக்கப் பெயர். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நூறு மடங்கு, இருநூறு மடங்கு, நானூறு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள கிருமியைக் கலந்து, இருள்புல நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சுதந்திரமாக நீந்தும் கிருமிகள் பாதியாகக் குறையும் வரை எத்தனை மடங்கு நீர்க்க முடிகிறதோ அதுதான் அளவு. அந்தமான் போன்ற இடத்தில் சிக்கல் இங்கேதான். பல ஆண்டுகளாக வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவருக்கு எப்போதோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருள் உடம்பில் தங்கியிருக்கும். இன்று அவருக்கு வந்திருப்பது டெங்குவாகவோ ஸ்க்ரப் டைஃபஸாகவோ இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ரத்த மாதிரியை மட்டும் பார்த்தால் அவர் எலிக்காய்ச்சல்காரராகத் தெரிவார்.

அதனால்தான் பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து இரண்டாவது மாதிரி. முதலில் நூறு மடங்கில் இருந்த அளவு இப்போது நானூறுக்கு ஏறியிருந்தால், அதாவது நான்கு மடங்கு உயர்ந்திருந்தால், இது இப்போதைய நோய் என்று உறுதி. ஏறாமல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பழைய சுவடு. சிகிச்சை இதற்காகக் காத்திருக்காது. சந்தேகம் வந்தவுடனேயே பெனிசிலினோ டாக்சிசைக்ளினோ கொடுத்துவிடுவார்கள். காத்திருப்பது கணக்கு. தீவில் எத்தனை பேருக்கு எலிக்காய்ச்சல் வந்தது என்ற எண்ணிக்கை அந்த இரண்டாவது ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆக, கேள்வி: முதல் மாதிரி கொடுத்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது மாதிரி கொடுத்தார்கள்? கொடுக்காதவர்கள் யார்?

இது சிறியதுதான். நோயைக் கண்டுபிடிக்கும் புதிய சோதனை எதையும் தராது. ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு மாணவி முடித்துவிடலாம். புதிதாக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க வேண்டாம். ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்கு நடத்திவரும் குறுகியகால ஆய்வு உதவித் திட்டம் எதிர்பார்ப்பதும் இதே அளவுதான்: ஒரு வழிகாட்டி, இரண்டு மாதம், ஓர் அறிக்கை. அறிக்கை ஏற்கப்பட்டால்தான் சான்றிதழும் உதவித்தொகையும். அதற்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் பலர் முதலில் தடுக்கி விழுவது வழிகாட்டியைப் பிடிப்பதில். அதாவது அந்த முதல் இ-மெயிலில்.

நம் மாணவி எழுதக்கூடிய இ-மெயில் இது. நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பொருள்: லெப்டோஸ்பைரோசிஸ் இரண்டாவது மாதிரி பற்றிய இரண்டு மாதப் பதிவேட்டு ஆய்வு: வழிகாட்ட வேண்டுதல்

மதிப்பிற்குரிய மேடம்,

நான் இரண்டாம் ஆண்டு 'பி' பிரிவு மாணவி. சென்ற மாதம் தங்கள் செய்முறை வகுப்பில் லெப்டோஸ்பைரா பதிவேட்டைப் பார்த்தபோது, இரண்டாவது மாதிரி கேட்கப்பட்ட பலருக்கு அது வந்ததாகப் பதிவு இல்லை என்பதைக் கவனித்தேன். பதிவு விட்டுப்போனதா, நோயாளி திரும்பி வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

கடந்த ஓராண்டில் முதல் மாதிரி கொடுத்த 60 உள்நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்து மூன்று விவரங்களை மட்டும் எடுக்கலாமா என்று கேட்க விரும்புகிறேன்: காய்ச்சலின் எத்தனையாவது நாளில் முதல் மாதிரி எடுக்கப்பட்டது, இரண்டாவது மாதிரி வந்ததா, நோயாளி எந்தத் தீவு அல்லது எந்தப் பகுதியைச் சேர்ந்தவர். பெயரோ முகவரியோ குறித்துக்கொள்ள மாட்டேன்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகே தொடங்குவேன். வார நாட்களில் மாலை 4 முதல் 6 வரை என்னால் வர முடியும். நவம்பர் மூன்றாம் வாரம் தேர்வு இருப்பதால் அந்த வாரம் இயலாது. இதற்கு முன் ஆய்வு செய்த அனுபவம் எனக்கு இல்லை. புள்ளிவிவரக் கணக்கில் எனக்கு உதவி தேவைப்படும்.

ஒரு பக்கத் திட்டக் குறிப்பை இணைத்துள்ளேன். இந்தக் கேள்வி பயனற்றது என்றோ ஏற்கெனவே செய்யப்பட்டது என்றோ தாங்கள் நினைத்தால் அதைத் தெரிந்துகொள்வதும் எனக்கு உதவியே. பதினைந்து நிமிடம் நேரில் சந்திக்க வாய்ப்புண்டா?"

இதில் ஆர்வம், வேட்கை என்ற சொற்கள் எங்கும் இல்லை. பேராசிரியர் இதைப் படிக்கும்போது அவர் கண்ணில் படுவது நான்கு விஷயங்கள். எந்தப் பதிவேடு என்பது தெரிகிறது. யார் உழைக்கப்போகிறார் என்பது தெரிகிறது. எப்போது நிற்கும் என்பது தெரிகிறது. தேர்வு வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டதால், நடுவில் காணாமல்போகும் ரகம் அல்ல என்றும் ஊகிக்கலாம். முக்கியமாக, 'ஆம்', 'இல்லை', 'இதை இப்படி மாற்று' என்று ஒரு வரியில் பதில் எழுத முடிகிறது.

'எனக்குத் தெரியவில்லை' என்ற வரியைச் சிலர் பலவீனம் என்று அடித்துவிடுவார்கள். அடிக்கக் கூடாத வரி அதுதான். பதிவு விட்டுப்போனதும் நோயாளி வராததும் வேறு வேறு நோய்கள். முதலாவதற்கு மருந்து ஒரு நல்ல நோட்டுப் புத்தகம். இரண்டாவதற்கு மருந்து கப்பல் நேரத்திலோ பஸ் கட்டணத்திலோ இருக்கலாம். முடிவை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு வரும் மாணவரைவிட இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பவரிடம் பதிவேட்டை நம்பிக் கொடுக்கலாம்.

ஒரே கடிதத்தை இருபது பேராசிரியர்களுக்கு, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும்படி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒருவரும் பதில் எழுத மாட்டார். ஒருவருக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து அதே இ-மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் நினைவூட்டி, அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போவதே முறை.

ஒரு மாணவர் சிறிய வேலை கேட்டுப் பேராசிரியரிடம் போய் நின்ற கதைகளில் புகழ்பெற்றது அமெரிக்காவில் நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் சேர்ந்த ஜே மெக்லீன், உடலியல் பேராசிரியர் வில்லியம் ஹவலிடம் ஓராண்டுக்குள் முடிக்கக்கூடிய ஒரு பிரச்னையைக் கேட்டார். ரத்தத்தை உறையச் செய்யும் ஒரு கொழுப்புப் பொருளைத் தூய்மைப்படுத்தும் வேலையை ஹவல் கொடுத்தார். அதைச் செய்துகொண்டிருந்தபோது, கல்லீரலிலிருந்து எடுத்துச் சில காலம் வைத்திருந்த சாறு ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதை மெக்லீன் கண்டார். 1916ல் கட்டுரை வெளியானது. அந்தப் பாதையில்தான் இன்று மருத்துவமனைகளில் பயன்படும் ஹெப்பாரின் வந்தது. கண்டுபிடித்தவர் மாணவரா, பிறகு அதை வளர்த்தெடுத்து 1918ல் பெயரிட்ட பேராசிரியரா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் ஓடியது. இரண்டு மாதப் பதிவேட்டு ஆய்வில் ஹெப்பாரின் கிடைக்காது. ஆனால் வழக்கு கிடைக்கலாம். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இ-மெயிலில் மட்டும் அதைக் கேட்க வேண்டாம். வேலையே தொடங்காதபோது பங்கு கேட்டதுபோல் இருக்கும்.

பேராசிரியர் அழைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கை வைக்கும் இடம் அந்த 60 என்ற எண்ணாக இருக்கும்.

60 பேரில் 12 பேர் இரண்டாவது மாதிரி கொடுத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 20 சதவீதம். ஆனால் 60 பேரை மட்டும் பார்த்துச் சொல்லும் 20 சதவீதத்துக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 10 சதவீதம் தளர்ச்சி உண்டு. உண்மை நிலை 10 சதவீதமாகவும் இருக்கலாம், 30 சதவீதமாகவும் இருக்கலாம். பத்தில் ஒருவர் திரும்பி வருகிறார் என்பதும் மூன்றில் ஒருவர் வருகிறார் என்பதும் ஒரே செய்தி அல்ல. தளர்ச்சியை 5 சதவீதமாகக் குறைக்க வேண்டுமென்றால் சுமார் 246 கோப்புகள் வேண்டும். ஒரு கோப்பைத் தேடி எடுத்துப் படித்துப் படிவத்தில் நிரப்ப இருபது நிமிடம் என்று போட்டாலும் 80 மணி நேரத்துக்கு மேல். மாலை இரண்டு மணி நேரம் என்றால் நாற்பது மாலைகள். இரண்டு மாதம் அதிலேயே போய்விடும். எழுத நேரம் மிஞ்சாது. 120 கோப்புகள் என்றால் தளர்ச்சி 7 சதவீதம், உழைப்பு இருபது மாலைகள். பேராசிரியர் 120 என்று திருத்துவார். சிறிய ஆய்வின் அளவு இப்படித்தான் தீர்மானமாகிறது: ஒரு பக்கம் தளர்ச்சி, மறு பக்கம் காலண்டர்.

அடுத்தது நெறிமுறைக் குழு. பழைய கோப்புகள்தானே, யாரையும் தொடவில்லையே, அனுமதி எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். ஐ.சி.எம்.ஆர்.ரின் 2017 நெறிமுறைகளின்படி பெயர் நீக்கிய பதிவேட்டு ஆய்வுக்குக் குழு விரைவாக அனுமதி தரலாம், நோயாளியின் ஒப்புதல் தேவையில்லை என்று விலக்கும் அளிக்கலாம். ஆனால் விலக்கு உண்டு என்று முடிவு செய்ய வேண்டியது குழுதான். மாணவியோ வழிகாட்டியோ அல்ல. முன்தேதியிட்ட அனுமதி என்று எதுவும் கிடையாது. அனுமதிக்கு முன்பே சேகரித்த விவரங்களைப் பிறகு பயன்படுத்த முடியாது. ஆகவே இரண்டு மாதத்தின் கடிகாரம் அனுமதிக் கடிதம் வந்த நாளில்தான் ஓடத் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் செய்யக்கூடிய வேலை, படிவத்தைத் தயாரிப்பது.

படிவம் ஒரே பக்கம்தான். அதிலும் தவறு நேரும். 'காய்ச்சல் நாள்' என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கோப்பில் 'மூன்று நாள் காய்ச்சல்' என்று எழுதியிருக்கும். மருத்துவமனையில் சேர்ந்த நாளுக்கு முன் மூன்று நாளா? சேர்ந்த மறுநாள் எழுதிய குறிப்பா? ரத்தம் எடுத்தது சேர்ந்த அன்றா, இரண்டு நாள் கழித்தா? மூன்றாம் நாள் ரத்தத்துக்கும் ஆறாம் நாள் ரத்தத்துக்கும் இந்த நோயில் எவ்வளவு வித்தியாசம் என்று ஏற்கெனவே பார்த்தோம். அதனால் படிவத்தில் ஒரு கட்டம் போதாது. காய்ச்சல் தொடங்கிய தேதி, சேர்ந்த தேதி, ரத்தம் எடுத்த தேதி என்று மூன்று கட்டங்கள் தேவை. கழித்தலைப் பிறகு செய்துகொள்ளலாம். முதல் பத்துக் கோப்புகளை வெள்ளோட்டமாக நிரப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நூறு கோப்புகளுக்குப் பிறகு தெரிந்தால் நூறையும் மறுபடி தேட வேண்டும்.

இன்னொரு பொறி: மருத்துவமனைகளில் அதே நோயாளி இரண்டாவது முறை வரும்போது புது எண் கொடுத்துவிடுவார்கள். பரிசோதனைக் கூடத்தின் பதிவேட்டில் அவர் வேறு ஆள். முதல் எண்ணை மட்டும் தேடினால் 'வரவில்லை' என்று விழும். வந்தவரை வராதவராக எண்ணிவிடும் தவறு இது. பெயர், வயது, ஊர் மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெயர் குறிக்க மாட்டேன் என்று சொல்லியாயிற்றே! ஒப்பிடும் வேலையைப் பரிசோதனைக் கூடத்து ஊழியர் செய்து எண்ணை மட்டும் மாணவியிடம் தரலாம். இந்த ஏற்பாடும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. எளிதில் கண்ணில் படாதது. 120 பேரில் சிலர் இரண்டாவது மாதிரிக்கான நாள் வருவதற்குள் இறந்திருப்பார்கள். நுரையீரல் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு முடிவு சில நாட்களிலேயே வந்துவிடலாம். அவர்களையும் 'திரும்பி வராதவர்கள்' பட்டியலில் சேர்த்தால், நோய் மிகக் கடுமையாக இருந்தவர்கள்தான் அலட்சியமாக இருந்தார்கள் என்பதுபோல் அட்டவணை பேசும். அவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கித் தனி வரியில் காட்ட வேண்டும். 8 பேர் அப்படி என்றால் கணக்கு 120க்கு அல்ல, 112க்கு. மாணவி எழுதிய முதல் இ-மெயிலில் இந்த யோசனை இல்லை. இல்லாமல் இருந்ததில் தவறும் இல்லை. வழிகாட்டி எதற்கு இருக்கிறார்?

ஊர் என்ற மூன்றாவது விவரம்தான் இந்த ஆய்வின் உயிர். புரோத்ராபூர்க்காரர் இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்க வர ஒரு பஸ் ஏறினால் போதும். டிக்லிபூர்க்காரருக்கு அது 300 கிலோமீட்டர் சாலைப் பயணம், நடுவில் படகில் கடக்கும் நீர்வழி, ஒருநாள் கூலி இழப்பு. நிகோபார்த் தீவுக்காரருக்குக் கப்பல். காய்ச்சல் போய் உடம்பு தேறியவர், தனக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லாத ஓர் ஊசிக்காக இத்தனையும் செய்வாரா? அட்டவணையில் இந்த வித்தியாசம் தெளிவாக வந்தால், இரண்டாவது மாதிரியை அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, சீரத்தைக் குளிர்பெட்டியில் அனுப்பினால் என்ன என்ற கேள்வி எழும். மாறாக, புரோத்ராபூர்க்காரரும் டிக்லிபூர்க்காரரும் ஒரே விகிதத்தில் வராமல் இருந்தால் பழி தூரத்தின்மேல் விழாது. இரண்டாவது ரத்தம் வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாராவது நோயாளியிடம் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதியிருந்ததா என்ற நான்காவது விவரத்தைப் படிவத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆய்வின் எல்லையும் தெளிவு. கோப்பு இருப்பவர்கள் படுக்கையில் சேர்ந்தவர்கள் மட்டுமே. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன வெளிநோயாளிகள் இதில் இல்லை; அவர்கள்தான் திரும்பி வராதவர்களில் பெரும்பகுதியாக இருக்கக்கூடும். ஆகவே அறிக்கையில் 'அந்தமானில் 20 சதவீதம் பேர்' என்று எழுத முடியாது. 'ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோயாளிகளில்' என்றுதான் எழுத முடியும். ஏன் வரவில்லை என்பதையும் கோப்பு சொல்லாது. அதற்கு அவர்களையே தேடிப்போய்க் கேட்க வேண்டும். அது வேறு ஆய்வு, வேறு அனுமதி.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வரும் வரை தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்தன. ஒரு இ-மெயிலோடு இணைப்பை அனுப்புவதே பொறுமைச் சோதனையாக இருந்தது. இப்போது இ-மெயில் நொடியில் போய்விடுகிறது. பேராசிரியரின் பதில் அதே வேகத்தில் வரும் என்று மாணவி எதிர்பார்க்கக் கூடாது. ஆறாம் நாள் இரவு பத்து மணிக்கு இப்படி ஒரு பதில் வந்தால் அது நல்ல பதில்:

"வியாழன் 3 மணிக்கு வரவும். 60 போதாது. படிவத்தின் நகலைக் கொண்டு வரவும். இறந்தவர்களை என்ன செய்வாய் என்று யோசித்துவிட்டு வா."